அண்ணன் குடியிருந்த வீட்டுக்கு வாடகை

நாவலூர் வீட்டுக்கு அண்ணன் வாடகை தர வேண்டும் என்று பாரிசிலிருந்து அக்கா போனில் சொன்னது 2017-ஆம் ஆண்டு. அப்போது அப்பா போய் ஆறு வருடம், அம்மா போய் நாலு வருடம் ஆகியிருந்தது. அக்கா கணக்கோடுதான் பேசினாள். முழு வீட்டையும் வெளியாருக்கு விட்டால் மாதம் 23,000 வரும்; அதில் முக்கால் பங்கு எங்கள் மூன்று பேருக்கும் உரியது; ஐந்து வருடத்துக்குப் பத்து லட்சத்து 35 ஆயிரம்; தலைக்கு 3,45,000. நான் செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டவள், நாவலூருக்குப் பக்கத்தில் இருப்பவள். அதனால் அண்ணனிடம் நான்தான் பேச வேண்டும் என்றாள்.

எனக்குப் பேச வாய் வரவில்லை. அதே நேரத்தில் அவள் கேட்பது அநியாயம் என்றும் தோன்றவில்லை. நாங்கள் நாலு பேர்: அண்ணன், அக்கா, நான், கோயம்புத்தூரில் வேலையாக இருக்கும் தம்பி. அப்பா உயில் எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழில் நாலு பேர் பெயரும் இருந்தது. வீட்டில் இருந்தது அண்ணன் குடும்பம் மட்டும்.

வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் கணக்கு விளங்கும். ஊருக்குள் நத்தத்தில் ஐந்தரை சென்ட், அதாவது ஏறக்குறைய ஒரு கிரவுண்டு. பின்னால் இருப்பது தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு. முற்றம், கூடம், இரண்டு அறைகள். அதில்தான் அண்ணன் குடியிருந்தார். முன்னால் தெருவைப் பார்த்து ஒரு கடையும் அதன்மேல் மாடியில் இரண்டு அறைகளும். அரைக் காணி நிலத்தை விற்ற பணத்தில் அப்பா கட்டியவை அவை. பழைய மாமல்லபுரம் சாலை ஆறு வழியானதும், சிறுசேரி சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் பையன்கள் ஊருக்குள் அறை தேட ஆரம்பித்தார்கள். எங்கள் சிறுவயதில் நாவலூரில் வாடகை என்ற பேச்சே கிடையாது. ஏரித் தண்ணீர், நெல், பனை, இவைதான் பேச்சு. இப்போது கடை 6,000, மாடி 9,000, மாதம் 15,000 அண்ணன் கையில் வந்தது. அவர் குடியிருந்த பின் வீட்டை வெளியாருக்கு விட்டிருந்தால் 8,000 கிடைத்திருக்கும். அக்காவின் 23,000 அப்படி வந்ததுதான்.

அவளுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். மாமா காரைக்கால்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். பிரான்சில் அவர்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தகப்பனார் இறந்தபின் மூத்த மகன் வீட்டிலேயே தங்கிவிட்டார். பத்திரம் முடிக்கும் நொத்தாரே அவர் கணக்கில் வாடகைக்கு ஈடான ஒரு தொகையைக் கழித்துக்கொண்டாராம். அது உண்மையான சட்டம். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 815-9 பிரிவு 1976-இல் வந்தது. பிரிக்காத சொத்தைப் பங்காளிகளில் ஒருவர் தனியாக அனுபவித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவர் ஈட்டுத்தொகை தர வேண்டும். பின்னோக்கி ஐந்து வருடம் வரை கேட்கலாம். அக்காவின் ஐந்து வருடக் கணக்கு அங்கிருந்து வந்தது. மற்றவர்கள் உள்ளே வந்து புழங்க முடியாத நிலை இருந்தால்தான் அது 'தனி அனுபவம்' ஆகும் என்று அங்கேயும் பார்ப்பார்கள். அந்தப் பாதியை மாமா சொல்லவில்லை.

நான் தயங்கிக்கொண்டிருந்த நாட்களில் அக்கா சென்னையில் ஒரு வக்கீலைப் பிடித்து அண்ணனுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டாள். பதினைந்து நாளில் பணம் கட்டாவிட்டால் வழக்கு. அன்று சாயந்திரம் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "எங்க அப்பன் வூட்ல நான் இருக்கறதுக்கு வாடகையாம்மா? நீயும் இதுல இருக்கியா?" அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அம்மா பக்கவாதத்தில் விழுந்து கிடந்த காலம் முழுவதும் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டியவர் அண்ணி. அந்த வீட்டுக்குத்தான் நோட்டீஸ் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் மூலமாகத் தெரிந்த, செங்கல்பட்டு கோர்ட்டில் நெடுங்காலம் சிவில் வழக்கு நடத்திய வயதான வக்கீல் ஒருவரிடம் நோட்டீஸின் நகலை எடுத்துக்கொண்டு போனேன். நிதானமாகப் படித்தார். பிறகு என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்.

"உங்க அக்கா ஊருக்கு வந்தப்ப வீட்டுக்குள்ள விடலையா?"

விட்டார்கள். போன முறை வந்தபோது பத்து நாள் அங்கேதான் தங்கினாள்.

"எந்த ரூமையாவது பூட்டிச் சாவிய குடுக்காம வெச்சாங்களா?"

இல்லை.

"உனக்கு இங்க பாகம் கெடையாதுன்னு உங்க அண்ணன் வாயாலயோ எழுத்தாலயோ சொன்னாரா?"

அதுவும் இல்லை. வீட்டு வரி ரசீதும் கரண்ட் இணைப்பும் அவர் பெயரில் இருப்பதைச் சொன்னேன். அது போதாது என்றார். பங்காளி ஒருவர் வரி கட்டுவதும் தனியாகக் குடியிருப்பதும் மற்றவர்கள் சார்பாகவும் இருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இதை லட்சுமி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1956-லேயே தெளிவாக்கிவிட்டது. மற்றவரின் உரிமையை மறுத்து, அந்த மறுப்பு அவருக்கும் தெரியும்படி, வெளிப்படையாக அனுபவித்தால்தான் அது விலக்கிவைத்தல். எத்தனை வருடம் ஒருவர் தனியாக இருந்தாலும், வெறுமனே இருந்ததால் மட்டும் மற்றவர் பாகம் போய்விடாது.

"இது உங்களுக்குப் பாதுகாப்பு. அதே காரணத்தால இதுவே உங்களுக்கு எதிராவும் நிக்கும்" என்றார் அவர். இதை நான் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. கூட்டுச் சொத்தில் ஒவ்வொரு அடியிலும் நாலு பேருக்கும் உரிமை இருக்கிறது. அண்ணன் தன் உரிமையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் வராதது எங்கள் சௌகரியத்தால். அவர் தடுத்ததால் இல்லை. ஆகவே அவர் வெறுமனே குடியிருந்ததற்கு எங்களுக்கு வாடகை கடன்படவில்லை. அவர் எங்களை வெளியே தள்ளினால் அந்தத் தேதியிலிருந்து நிலைமை மாறும். பாகம் கேட்டு வழக்குப் போட்டால், போட்ட தேதியிலிருந்து கணக்குக் கேட்கலாம்.

அப்படியானால் அக்கா கேட்டது எல்லாமே செல்லாதா என்று கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு பழைய தீர்ப்புத் தொகுதியை எடுத்தார். பப்புரு பசவய்யா எதிர் பப்புரு குரவய்யா, சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, 1951. உரிமையே இல்லாதவன் ஒரு சொத்தில் உட்கார்ந்து அனுபவித்தால் அவன் தர வேண்டிய நஷ்டஈடு ஒரு வகை. கூட்டு உரிமையாளர்களுக்குள் வருமானக் கணக்குக் கேட்பது இன்னொரு வகை. கூட்டுக் குடும்பத்தில் நிர்வாகியான மூத்தவரிடம் கணக்குக் கேட்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே பெயரால் அழைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டுகிறது. எங்களுடையது இரண்டாவது. கடையிலிருந்தும் மாடியிலிருந்தும் வெளியார் கொடுத்த பணம் நாலு பேருடைய சொத்து தந்த வருமானம். அதை ஒருவர் வாங்கி வைத்திருந்தால் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். பின்னோக்கி அதிகபட்சம் மூன்று வருடம். அதற்குமுன் வாங்கியது காலாவதி.

நோட்டீஸில் அவர் கண்ட குறை வேறு. "வாடகை வாடகைன்னு பத்து எடத்துல இருக்கு. பாகம் பிரிச்சுக் குடுன்னு ஒரு எடத்துல கூட இல்ல. கேக்க வேண்டியது அதைத்தான்." அக்காவின் வக்கீல் இதை எப்படி விட்டார் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. இன்னொரு விஷயமும் சொன்னார். 1956-ஆம் வருட இந்து வாரிசு உரிமைச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை, குடும்பம் வசிக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண் வாரிசு கேட்க முடியாது. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. அப்பா அதற்குப் பிறகு இறந்தார் என்பதால் எங்களுக்கு அந்தத் தடை இல்லை. எங்கள் அத்தைகள் இருவரும் அந்தத் தடைக்குள் வாழ்ந்து முடித்தவர்கள். தாத்தா வீட்டில் தங்களுக்கு ஏதாவது உண்டா என்று அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் நான் நாவலூர் போனபோது அண்ணன் மேசைமேல் ஒரு தட்டச்சுத் தாள் இருந்தது. அவர் பார்த்த வக்கீல் எழுதித் தந்த பதில் நோட்டீஸ். மறுநாள் பதிவுத் தபாலில் போக வேண்டியது. அதில் ஒரு பாரா இப்படிப் போனது: பெண்களுக்குத் திருமணத்தின்போது நகையும் சீரும் போட்டாகிவிட்டது, ஆகவே அவர்களுக்கு இந்த வீட்டில் எந்தப் பாத்தியதையும் கிடையாது, எனது கட்சிக்காரர் தனி உரிமையாளர். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் பேச்சு அது. கல்யாணத்தில் போட்ட நகை வாரிசுப் பாகத்தை அடைத்துவிடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வாக்கியம் கையெழுத்தாகி அக்கா கையில் சேரும் நாள்தான் அண்ணன் எங்களை விலக்கிவைத்த நாளாக ஆகியிருக்கும். அதுவரை தம்படி கடன்படாமல் குடியிருந்தவர், அன்றிலிருந்து தான் இருந்த பின் வீட்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகியிருப்பார்.

இதை நான் அவரிடம் சொன்னேன். எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவர் கேட்டார். என் பாகம் எனக்கு வேண்டும், ஆனால் இந்தத் தாள் போகக் கூடாது என்றேன். அண்ணி அதை எடுத்து மடித்து உள்ளே வைத்தார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பீரோவிலிருந்து வாடகை வரவு செலவு எழுதிய ஒரு நோட்டைக் கொண்டுவந்து என்முன் வைத்தார்.

அந்த நோட்டு இல்லாவிட்டால் எங்கள் விவகாரம் கோர்ட்டுக்குத்தான் போயிருக்கும். முதலில் பாகம் இத்தனை என்று சொல்லும் பூர்வாங்கத் தீர்ப்பு, பிறகு வக்கீல் கமிஷனர் வந்து அளந்து வாடகை மதிப்பை விசாரிப்பது, அதன்பிறகு இறுதித் தீர்ப்பு என்று அந்தப் பாதை நீளும். கமிஷனர் செய்ய வேண்டியதை நாங்களே கூடத்தில் உட்கார்ந்து செய்தோம். தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான்; அக்கா போனில் இருந்தாள்.

2014 அக்டோபரிலிருந்து மூன்று வருடம். மாதம் 15,000 வீதம் 36 மாதத்துக்கு 5,40,000. 2015 டிசம்பர் மழையில் ஐ.டி. பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மாடி நாலு மாதம் காலி. அதற்கு 36,000 கழித்தோம். வாங்காத வாடகைக்கு யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீதி 5,04,000. வரி, மாடித் தண்ணீர்க் குழாய், மோட்டார் என்று ரசீது இருந்தது 24,000. அதையும் கழித்தால் 4,80,000. ஆளுக்கு 1,20,000. அண்ணன் தன் பங்கை வைத்துக்கொண்டு எங்கள் மூவருக்கும் தர வேண்டியது 3,60,000. அக்கா கேட்டது பத்து லட்சத்துக்குமேல். அண்ணன் தர நினைத்தது ஒன்றுமில்லை. நியாயம் இந்தத் தொகையில் இருந்தது.

இங்கேதான் அண்ணன் ஓட்டுக்கூரைச் செலவைக் கொண்டுவந்தார். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது பின் வீட்டு ஓடுகளில் பாதி பறந்துவிட்டது. மரச்சட்டங்களை மாற்றி, ஓடு வாங்கிப் போட்டு, சுவரைப் பூச 1,60,000 ஆனது. அதில் முக்கால் பங்கு, 1,20,000, நாங்கள் தர வேண்டும் என்றார். கேட்டால் சரியாகத்தான் பட்டது. வீடு நாலு பேருடையது. அவர் போட்ட கூரை இல்லாவிட்டால் சுவரும் கரைந்திருக்கும்.

நான் வக்கீலுக்குப் போன் செய்தேன். அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்த நியாயங்களில் ஒன்று. இங்கிலாந்தில் 1864-இல் டீஸ்டேல் எதிர் சாண்டர்சன் என்று ஒரு வழக்கு. குடியிருக்கும் பங்காளி, வீட்டுக்குச் செய்த செலவைத் தன் கணக்கில் வரவு வைக்கச் சொன்னால், குடியிருந்ததன் மதிப்பும் அவர் பேரில் பற்றாக எழுதப்படும். கூரைக்குப் பணம் கேட்கிறவர், அந்தக் கூரைக்கடியில் தனியாக இருந்த சுகத்தை மறைக்க முடியாது. இதன்படி எழுதிப் பார்த்தோம். பின் வீட்டின் மதிப்பு மாதம் 8,000. மூன்று வருடத்துக்கு 2,88,000. அதில் எங்கள் முக்கால் பங்கு 2,16,000. அண்ணன் கூரைக்காகக் கேட்டது 1,20,000. இரண்டையும் கணக்கில் எடுத்தால் அவர் தர வேண்டியது இன்னும் 96,000 ஏறி 4,56,000 ஆகும். இரண்டையும் விட்டுவிட்டால் 3,60,000-தான். அண்ணன் தாளைத் தன் பக்கம் திருப்பி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "கூரைய வுட்டுடலாம்" என்றார்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட கணக்கை யாரும் எழுதவில்லை. பெற்ற தாய்க்குச் செய்ததற்குச் சொத்துக் கணக்கில் இடம் இல்லை என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அண்ணி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வர வேண்டிய 1,20,000 வேண்டாம் என்று நான் அங்கேயே சொன்னேன். அம்மாவைத் தூக்க ஆள் இல்லாமல் நான் ஒரு நாள்கூடச் செங்கல்பட்டிலிருந்து ஓடிவர வேண்டியிருக்கவில்லை. அதற்கு நான் கொடுக்கக்கூடியது அதுதான். அக்காவும் தம்பியும் வாங்கிக்கொண்டார்கள். அதில் அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. இருவருக்கும் பணத் தேவை இருந்தது, பணமும் அவர்களுடையது.

பழைய பாக்கியைவிட வீட்டைப் பிரிப்பது கடினமாக இருந்தது. அப்போது சதுர அடி 4,000 என்று கேட்டார்கள். முழு மனை 96 லட்சம். எங்கள் மூவருக்கும் 72 லட்சம் கொடுத்து அண்ணனால் வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. சரிசமமாகக் கிழித்தால் ஆளுக்கு 600 சதுர அடி, ஒரு துண்டிலும் ஒழுங்காக வீடு நிற்காது. 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பிரிக்கத் தோதில்லாத சொத்தை விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம். அதைச் சொன்னதும் தம்பியே வேண்டாம் என்றான். கடைசியில் பின்பக்கம் 800 சதுர அடி, தாத்தா வீட்டோடு, நாலடி நடைபாதையோடு அண்ணனுக்கு. தெருப்பக்கம் 1,600 கடையும் மாடியுமாக எங்கள் மூவருக்கும் பொதுவில். தெருமுகமும் வாடகையும் எங்களுக்கு வந்ததால் அவருக்கு 200 அடி கூடுதலாக விட்டோம்.

அக்காவால் வர முடியவில்லை. பாரிசில் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கிப் பவர் பத்திரம் அனுப்பினாள். வெளிநாட்டில் எழுதிய பவர் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிச் செல்லுபடியாக்க வேண்டும். நாள் தவறினால் சிக்கல். அதை நான் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். 2018-இல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. குடும்பத்தாருக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்; அப்போது ஒரு பாகத்துக்கு 25,000-க்கு மேல் போகாது, பதிவுக் கட்டணம் 4,000-க்கு மேல் போகாது. 2023 ஜூலையில் இவற்றை 40,000, 10,000 என்று ஏற்றிவிட்டார்கள்.

பத்திரத்தில் வக்கீல் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: இன்றுவரை சொத்தை அனுபவித்த வகையிலும் செலவு செய்த வகையிலும், கீழே கண்ட தொகை தவிர, பாகஸ்தர்கள் ஒருவருக்கொருவர் எந்தப் பாக்கியும் இல்லை. கீழே அக்காவுக்கும் தம்பிக்கும் தலா 1,20,000, ஆறு தவணை. இந்த வரி இல்லாமல் பாகம் மட்டும் பதிவாகியிருந்தால் பழைய வாடகை விவகாரம் திறந்தே இருந்திருக்கும் என்றார். அண்ணன் அந்த வரியை மட்டும் எழுத்தரை மறுபடி படிக்கச் சொன்னார்.

மாமாவிடம் ஒரு நாள் காரைக்கால் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அங்கே அவருடைய தம்பி குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுக்கு இவர் இதுவரை வாடகையும் கேட்கவில்லை, பாகமும் கேட்கவில்லை. பாகம் கேட்டு ஒரு கடிதமாவது எழுதி வையுங்கள் என்று சொன்னேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது தம்பியிடம் நேரிலேயே பேசுவதாகச் சொன்னார்.